"சும்மா பிணைக்குத்தானே!" என்று கொடுக்கும் காசோலை



இம்மாதம் நாம் பார்க்கப் போவது பல வீடுகளில் அலுமாரிக்குள் இருக்கும் காசோலைப் புத்தகத்தைப் பற்றி. வியாபாரக் குடும்பங்களில் கணவரின் கடைக்கென்று ஒரு கணக்கும், மனைவியின் பெயரில் இன்னொரு கணக்கும் இருப்பது வழக்கம். கடைக் கணக்கில் நெருக்கடி வரும்போது மனைவியின் காசோலைப் புத்தகம் வெளியே வரும். "ஒரு கையொப்பம் போடுங்க. பேங்கில போட மாட்டாங்க. சும்மா பிணைக்குத்தான், முதலாளிட பெட்டியில கிடக்கும்" என்பார் கணவர். மனைவியும் தேநீர் ஊற்றிக்கொண்டே கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுவார்.

பெரும்பாலும் அந்தக் காசோலை பெட்டியில்தான் கிடக்கும். கணக்குத் தீர்ந்ததும் கிழித்தும் விடுவார்கள். ஆனால் இருவருக்குமிடையில் கணக்கு இடித்துக்கொண்டால் அது பெட்டியை விட்டு வெளியே வரும். அப்போது அது யாரைத் தேடி வருகிறது, எவ்வளவு கேட்டு வருகிறது, நீங்கள் எதைக் கொண்டு பதில் சொல்ல முடியும் என்பதை ஓர் உதாரணக் கணக்கை வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

உதாரணம் இதுதான். கண்டிப் பக்கத்து ஊரொன்றில் ஒரு புடைவைக் கடை. நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்காக, கொழும்பு புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவரிடம் 900,000 ரூபாவுக்குச் சாரியும் சல்வாரும் கடனாக எடுக்கிறார் கடைக்காரர். மூன்று மாதத்தில் மூன்று தவணையாகக் கொடுப்பதாகப் பேச்சு. "பிணைக்கு ஒரு செக் வையுங்க ஹாஜியார்" என்கிறார் மொத்த வியாபாரி. மனைவியின் கணக்கிலிருந்து காசோலை போகிறது. தொகை 900,000 என்று எழுதியிருக்கிறது. கையொப்பம் மனைவியுடையது. பெயர் இல்லை, திகதி இல்லை, குறுக்குக் கோடும் இல்லை.

முதல் தவணையாக 300,000 ரூபா வங்கியில் வைப்புச் செய்யப்படுகிறது. அதற்கு வைப்புச் சீட்டு இருக்கிறது. இரண்டாவது முறை, பணம் சேர்க்க வரும் தம்பியிடம் 150,000 ரூபா காசாகக் கொடுக்கிறார்கள். அவர் தன் கொப்பியில் குறித்துக்கொண்டு போகிறார். பற்றுச்சீட்டு இல்லை. இடையில் 100,000 ரூபாப் பெறுமதியான புடைவைகள் சாயம் போகின்றன. அவற்றை லொறியில் திருப்பி அனுப்புகிறார்கள். "கணக்கில கழிச்சிக்குவம்" என்று தொலைபேசியில் சொல்கிறார் வியாபாரி. கடைசியாக இன்னும் 200,000 ரூபா வங்கியில் போடப்படுகிறது.

இப்போது கூட்டிப் பாருங்கள். கடைக்காரர் கணக்குப்படி கொடுத்தது 650,000, திருப்பிய சரக்கு 100,000. ஆக மிச்சம் 150,000 ரூபா. மொத்த வியாபாரியின் புத்தகத்திலோ வங்கிக்கு வந்த இரண்டு தொகை மட்டுமே இருக்கின்றன. தம்பி கொண்டுபோன காசும் பதியப்படவில்லை, திரும்பி வந்த சரக்கும் பதியப்படவில்லை. ஆகவே அவர் கேட்பது 400,000 ரூபா. வாக்குவாதம் முற்றுகிறது. வியாபாரி காசோலையை எடுத்துத் தன் பெயரையும் அன்றைய திகதியையும் எழுதி வங்கியில் போடுகிறார். காசோலையில் இருப்பது 150,000மும் அல்ல, 400,000மும் அல்ல, 900,000.

ஒரே கொடுக்கல் வாங்கலுக்கு மூன்று தொகைகள். இந்த மூன்றில் எது நிற்கும் என்பதுதான் கேள்வி.

சட்டத்தில் "பிணைக் காசோலை" உண்டா?

நம் நாட்டில் காசோலைகளை ஆள்வது 1927ஆம் ஆண்டின் மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம். ஆங்கிலேயரின் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி எழுதப்பட்டது. அதில் "பிணைக் காசோலை" என்று ஒரு தனி வகை கிடையாது. காசோலை என்பது, கேட்டவுடன் இன்ன தொகையைக் கொடு என்று உங்கள் வங்கிக்கு நீங்கள் எழுதும் கட்டளை. "இது பிணைக்கு மட்டும், வங்கியில் போடக் கூடாது" என்பது உங்களுக்கும் மற்றவருக்கும் இடையிலான தனி உடன்பாடு. வங்கிக்கு அது தெரியாது. காசோலையின் முகத்திலும் அது இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. காசோலையில் கையொப்பமிட்டவர் அதற்குரிய பெறுமதியைப் பெற்றுக்கொண்டே கையொப்பமிட்டார் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. "நான் கடன் கொடுத்தேன்" என்று மற்றவர் முதலில் நிரூபிக்கத் தேவையில்லை. "அவ்வளவு கடன் இல்லை" என்று காட்டும் பாரம் கையொப்பமிட்டவர் தலையில் விழுகிறது. பிணைக் காசோலை வாங்குபவருக்குக் கிடைக்கும் பெரிய பலம் இதுதான்.

அந்தக் கையொப்பம் யாருடையது? மனைவியுடையது. கடையை நடத்துவதும் சரக்கு எடுத்ததும் பேரம் பேசியதும் கணவராக இருக்கலாம். ஆனால் காசோலைக்குப் பொறுப்பாளி அதில் கையொப்பமிட்டவரே. "வியாபாரம் எனக்குத் தெரியாது, அவர் கேட்டார், போட்டேன்" என்பது போதிய பதிலாகாது. அந்தக் காசோலையை நம்பித்தான் சரக்கு கொடுத்தேன் என்று வியாபாரி சொன்னால், சரக்கே அதற்குரிய பெறுமதியாகிவிடும். ஆகவே சட்டத்தரணியின் கடிதமும், பிறகு நீதிமன்றத்தின் அழைப்பாணையும் உங்கள் பெயருக்கே வரும்.

வெற்றிடம் விட்ட காசோலை

கையொப்பமிட்டுவிட்டு ஏதாவதொரு இடத்தை நிரப்பாமல் கொடுத்தால், அதை நிரப்பும் அதிகாரம் கையில் வைத்திருப்பவருக்கு இருப்பதாகவே சட்டம் முதலில் கொள்கிறது. பெயர், திகதி, சில வேளை தொகையுங்கூட இதில் அடங்கும். "நான் எழுதவில்லை, கையெழுத்து என்னுடையதல்ல, மை வேறு" என்று சொல்வதில் அதிகப் பயன் இல்லை. நிரப்பியது யார் என்பதைவிட, எப்படி நிரப்பும்படி பேசிக்கொண்டீர்கள் என்பதே முக்கியம்.

இங்கே உங்களுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. நியாயமான காலத்துக்குள், கொடுத்த அதிகாரத்தின்படியே அச்சொட்டாக நிரப்ப வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த எல்லையை மீறி நிரப்பினால் கையொப்பமிட்டவரைக் கட்டுப்படுத்த முடியாது. நம் உதாரணத்தில், 500,000 ரூபாவைத் தானே பெற்றுக்கொண்டதாக ஒத்துக்கொள்ளும் வியாபாரி 900,000 ரூபாக் காசோலைக்குத் திகதி எழுதிப் போட்டது அந்த எல்லைக்கு அப்பாற்பட்டது என்று வாதிடலாம். ஆனால் "கொடுத்த அதிகாரம் இதுதான்" என்று காட்ட எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டுமல்லவா? தொலைபேசியில் பேசியது மட்டும் என்றால் ஒருவர் வாய் ஒருவருக்கு எதிர்.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. வியாபாரி அந்தக் காசோலையை நிரப்பி, தான் கடன்பட்ட வேறொரு வியாபாரிக்குக் கொடுத்துவிடலாம். அந்த மூன்றாமவர் உங்களுக்கிடையிலான கதை எதுவும் தெரியாமல், நல்லெண்ணத்தோடு, அதற்குரிய பெறுமதி கொடுத்து வாங்கியிருந்தால், வெற்றிடம் எப்படி நிரப்பப்பட்டது என்ற வாதம் அவரிடம் எடுபடாது. நீங்கள் கொடுத்த தவணைகளையும் திருப்பிய புடைவைகளையும் அவரிடம் காட்டிப் பயனில்லை. அவருக்கு 900,000 கொடுத்துவிட்டு, பிறகு முதல் வியாபாரியைத் துரத்த வேண்டியதுதான்.

இதைத் தடுக்கும் வழி மிகச் சிறியது. காசோலையில் இரண்டு குறுக்குக் கோடுகள் போட்டு நடுவே "நொட் நெகோஷியபிள்" என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். அந்தச் சொல் இருந்தால், காசோலையை வாங்கும் மூன்றாமவருக்குக் கொடுத்தவருக்கு இருந்த உரிமையைவிடக் கூடுதலான உரிமை கிடைக்காது. அதோடு பெறுபவரின் பெயரை நீங்களே எழுதி, "கொண்டுவருபவருக்கு" என்று அச்சிட்டிருக்கும் சொல்லை வெட்டிவிட்டு, "எக்கவுண்ட் பேயீ ஒன்லி" என்றும் சேர்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

காசோலை திரும்பி வந்த பிறகு

நம் உதாரணத்தில் மனைவியின் கணக்கில் இருந்தது 62,000 ரூபா. ஆகவே காசோலை திரும்புகிறது. திரும்பும் சீட்டில் "ரிஃபர் டு ட்ரோவர்", அதாவது எழுதியவரிடம் கேளுங்கள், என்று வரலாம். வங்கி உங்கள் கணக்கில் கட்டணம் வெட்டும். பணமில்லாமல் திரும்பும் காசோலைகள் இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் பதியப்படுகின்றன. பிற்காலத்தில் உங்கள் பெயரில் வீட்டுக் கடனோ குத்தகை வாகனமோ கேட்கப் போனால் அதிகாரி பார்க்கும் முதல் தாள்களில் அதுவும் ஒன்று.

அடுத்து இரண்டு பாதைகள் திறக்கின்றன. ஒன்று குற்றவியல், மற்றது சிவில். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள், அல்லது பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருந்துவிடுகிறார்கள்.

குற்றவியல் பாதை 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டு (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் 25ஆம் பிரிவிலிருந்து வருகிறது. கணக்கில் பணமில்லை அல்லது போதாது என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவதை அப்பிரிவு குற்றமாக்குகிறது. நீதவான் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும். சிறைத்தண்டனைக்கும் தண்டப்பணத்துக்கும் இடமுண்டு. "பொலிஸில் கொடுப்பேன், உள்ளே போடுவேன்" என்று மிரட்டுபவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அந்தக் குற்றத்தின் உயிர்நாடி அறிவும் எண்ணமும். இப்போது காசாக்குவதற்கல்ல, பிணையாக வைப்பதற்கே கொடுக்கப்பட்டது என்று வாங்கியவருக்கும் தெரிந்திருந்தது என்பதை எழுத்தில் காட்ட முடிந்தால், ஏமாற்றினார் என்ற குற்றச்சாட்டின் பலம் குறைகிறது. காட்ட முடியாவிட்டால், தவணை முறையில் பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்தே உங்கள் கணவருக்கும் உங்களுக்கும் காலம் போகும்.

சிவில் பாதைதான் பெரும்பாலும் தீர்ப்பைத் தரும் பாதை. முதலில் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் வரும். இத்தனை நாளுக்குள் 900,000 ரூபாவையும் வட்டியையும் செலுத்துக என்றிருக்கும். தொகை ஒரு குறித்த எல்லைக்குட்பட்டதாக இருந்தால், பிணக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் கிடைத்த பிறகே வழக்கு. மத்தியஸ்த சபையில் உட்கார்ந்து மூன்று தொகைகளையும் மேசையில் வைத்துப் பேச முடிந்தால் அது நல்ல வாய்ப்பு. அதைக் கௌரவக் குறைவாக நினைத்துப் போகாமல் விடாதீர்கள்.

வழக்கு என்று வந்தால், சாதாரண கடன் வழக்கைப் போல் அல்லாமல், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் சுருக்க முறையில் காசோலை வழக்கைப் போட முடியும். இதைச் சகோதரிகள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரண வழக்கில் நீங்கள் நீதிமன்றம் போய் மறுமொழி போட்டால் வழக்கு நடக்கும். சுருக்க முறையில், எதிர்த்து வாதாடுவதற்கே முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அழைப்பாணையில் குறித்த காலத்துக்குள் சத்தியக் கடதாசி மூலம் உங்கள் எதிர்வாதத்தைக் காட்ட வேண்டும். போகாமல் இருந்தால் காசோலைத் தொகைக்கே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். நம் உதாரணத்தில் அது 900,000.

அனுமதி கேட்டுப் போனால், உங்கள் எதிர்வாதம் முதல் பார்வையில் நிற்கக்கூடியது என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். அப்படித் தோன்றினால் பணம் கட்டாமலே வாதாட விடுவார். நிற்காது என்றோ, நேர்மையில் சந்தேகம் என்றோ பட்டால், அந்தத் தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு அல்லது பிணை வைத்துவிட்டு வாதாடு என்று சொல்லலாம். 900,000 ரூபாவைத் திரட்ட முடியாதவருக்கு வழக்கு அங்கேயே முடிந்த மாதிரி.

எந்தத் தாள் எவ்வளவு குறைக்கும்?

ஆகவே எல்லாமே முதல் நாளில் காட்டக்கூடிய தாள்களில் தங்கியிருக்கிறது. உதாரணத்துக்குத் திரும்புவோம்.

வங்கியில் போட்ட 300,000மும் 200,000மும் மறுக்க முடியாதவை. வைப்புச் சீட்டும் வங்கிக் கூற்றும் இருக்கின்றன. அவற்றைக் காட்டியதும் 900,000 என்ற கோரிக்கை நொறுங்கிவிடும். எதிர்வாதம் நேர்மையானது என்ற எண்ணமும் நீதிபதிக்கு வரும்.

சாயம் போன 100,000 ரூபாச் சரக்கு கொஞ்சம் நுட்பமான விஷயம். ஆங்கிலச் சட்ட மரபில் காசோலை வழக்கில் "சரக்கு சரியில்லை" என்ற பொதுவான குறையை எதிர்வாதமாக ஏற்க மாட்டார்கள். அதற்கு நஷ்டஈடு வேண்டுமானால் தனியாகக் கேள் என்பார்கள். ஆனால் இன்ன சரக்கு, இத்தனை துண்டு, இன்ன விலை, திருப்பி எடுக்கப்பட்டது என்று தொகை திட்டமாகக் குறித்திருந்தால் அந்தத் தொகை கழிக்கப்படலாம். லொறியில் ஏற்றிய அன்று, துண்டுக் கணக்கும் பெறுமதியும் எழுதி, எடுத்துப் போனவரின் கையொப்பம் வாங்கிய ஒரு தாள் இருந்திருந்தால் 100,000 கழிந்திருக்கும். இல்லாதபடியால் அது வெறும் முறைப்பாடாக நிற்கிறது.

தம்பியிடம் கொடுத்த 150,000 காசுதான் மிகவும் பலவீனமானது. அவர் கொப்பியில் எழுதினார் என்பது உண்மையாக இருக்கலாம். கொப்பி அவர் முதலாளியிடம் அல்லவா இருக்கிறது! அன்று மாலையே "இன்று உங்கள் ஆளிடம் 150,000 கொடுத்தோம்" என்று வியாபாரிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, அவர் "சரி" என்று பதில் போட்டிருந்தால் அதுவே ஒரு சான்றாகியிருக்கும்.

ஆக, உண்மையில் மிச்சம் 150,000 என்றாலும், தாள்களைக் கொண்டு காட்டக்கூடியது 400,000. இடையிலுள்ள 250,000 ரூபாவை இழக்க வைத்தது ஒரு பற்றுச்சீட்டும் ஒரு சரக்குச் சீட்டும் இல்லாததே. கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதிக்கொள்ளும்படி அல்பகறா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் இவ்வளவு விரிவாகச் சொல்லியிருக்க, நாம் "நம்பிக்கையானவர்தானே" என்று விட்டுவிடுகிறோம். எழுதிக்கொள்வது நம்பிக்கைக் குறைவு அல்ல.

அயல் நாட்டில் இரண்டு தீர்ப்புகள்

இதே பிரச்சினை இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தது. அங்கே சட்டம் வேறு என்றாலும், சிந்தனைக்கு உதவும். 2021 அக்டோபரில் ஒரு வழக்கில், பிணையாகக் கொடுத்த காசோலை பெறுமதியற்ற தாளல்ல, பேசிய நாளில் கடன் திருப்பப்படாவிட்டால் அதை வங்கியில் போட வாங்கியவருக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது.

2022 அக்டோபரில் இன்னொரு வழக்கு. 20 லட்சம் இந்திய ரூபாக் கடன். அதற்கு முழுத் தொகைக் காசோலை பிணை. இடையில் 4 லட்சத்துக்குச் சற்று மேல் திருப்பிக் கொடுக்கப்பட்டிருந்தது. கடன் கொடுத்தவர் அதைக் காசோலையில் குறிக்காமல் முழு 20 லட்சத்துக்கும் வங்கியில் போட்டார். வங்கியில் போட்ட நாளில் இருந்த கடன் காசோலைத் தொகையைவிடக் குறைவு என்பதால், காசோலை திரும்பிய குற்றம் நிலைக்காது என்று தீர்ப்பானது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நடுநிலை புரியும். கடன் இருக்கும்வரை பிணைக் காசோலைக்கு உயிர் உண்டு. ஆனால் அந்த உயிர் மிச்சக் கடனின் அளவுக்கே.

கடிதம் வந்தால்

கோரிக்கைக் கடிதம் வந்தால் அதை மடித்து அல்குர்ஆன் அலுமாரியின் மேல் வைத்துவிட்டு துஆச் செய்துகொண்டிருப்பது மட்டும் போதாது. வியாபாரக் கடிதத்தில் ஒருவர் இன்ன தொகை தரவேண்டும் என்று எழுதி, மற்றவர் மறுக்காமல் மௌனமாக இருந்தால், அந்த மௌனத்தை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் நீதிமன்றங்களில் நெடுங்காலமாக உண்டு. குறித்த நாளுக்குள் ஒரு சட்டத்தரணி மூலம் பதில் அனுப்புங்கள். காசோலை இலக்கம், அது எதற்காகக் கொடுக்கப்பட்டது, எந்தெந்தத் திகதியில் எவ்வளவு கொடுக்கப்பட்டது, திருப்பிய சரக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று கணக்காக எழுதுங்கள். மறுப்பில்லாத மிச்சத்தை எப்படிச் செலுத்துவது என்றும் அவரிடமே கேளுங்கள். அதைக் காசாகக் கொடுக்காமல் வங்கி மூலம் கொடுத்தால் உங்கள் நேர்மைக்கும் அது சாட்சி. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையை அணுகலாம்.

காசோலை இன்னும் வங்கியில் போடப்படவில்லை, போடப்போவதாக மிரட்டல் மட்டும்தான் என்றால், காசோலை இலக்கத்தைக் குறித்து, கொடுப்பனவை நிறுத்தும்படி வங்கிக்கு எழுத்தில் அறிவிக்கலாம். ஆனால் இது கடனை அழிக்காது. கடனிலிருந்து நழுவுவதற்காக நிறுத்தினார் என்று தோன்றினால் நிலைமை மோசமாகும். ஆகவே நிறுத்தும் அன்றே, ஏன் நிறுத்தினோம், எவ்வளவு மிச்சம் என்று நினைக்கிறோம் என்பதை வியாபாரிக்கும் பதிவுத் தபாலில் எழுதிவிட வேண்டும். கணக்கையே மூடிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது செய்யக் கூடாத காரியம். "கணக்கு மூடப்பட்டது" என்று திரும்பும் காசோலை, ஏமாற்றும் எண்ணத்துக்குத் தானே சாட்சி சொல்லும்.

கொடுத்தே ஆகவேண்டுமானால்

சில வியாபாரங்களில் பிணை இல்லாமல் சரக்குக் கிடைக்காது என்பது உண்மைதான். அப்படியானால் 900,000க்கு ஒரே காசோலை கொடுக்காமல், ஒவ்வொரு தவணைக்கும் அந்தந்தத் திகதியிட்டு 300,000 வீதம் மூன்று காசோலை கொடுக்கும்படி கணவரிடம் சொல்லுங்கள். முதல் தவணை கொடுத்ததும் முதல் காசோலையைக் கையோடு திரும்ப வாங்கிவிடலாம். பிணக்கு வந்தாலும் மற்றவர் கையில் இருப்பது மிச்சத் தொகைக்கான காசோலை மட்டுமே. ஆனால் அந்தந்தத் திகதியில் கணக்கில் பணம் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒரே காசோலைதான் என்று பிடிவாதம் பிடித்தால், வெற்றிடம் எதுவும் விடாமல் நிரப்புங்கள். மேலே சொன்னபடி குறுக்குக் கோடு போடுங்கள். காசோலையின் மேலேயே "பிணைக்கு மட்டும்" என்று எழுதினால் வாங்குபவர் ஏற்க மாட்டார், நிபந்தனை உள்ளதாக வங்கியும் திருப்பலாம். ஆகவே அந்த வாசகம் தனிக் கடிதத்தில் வர வேண்டும். இரண்டு பிரதி எழுதி இருவரும் கையொப்பமிட்டால் போதும். இவ்வளவுதான் அதன் வாசகம்:

"இன்ன வங்கியின் இன்ன இலக்கக் காசோலை, இன்ன விலைப்பட்டியலில் உள்ள சரக்கின் கடனுக்குப் பிணையாக மட்டும் கொடுக்கப்படுகிறது. மிச்சக் கடனை எழுத்தில் அறிவித்து 14 நாள் கழியும்வரை வங்கியில் இடப்படமாட்டாது. வேறொருவருக்கும் மாற்றப்படமாட்டாது. பாதிக் கடன் தீர்ந்ததும் மிச்சத் தொகைக்கான புதிய காசோலை பெற்றுக்கொண்டு இது திருப்பித் தரப்படும்."

இந்த நான்கு வரிக்குக் கையொப்பமிட மறுப்பவர், காசோலையைப் பிணையாக வைக்கத்தான் கேட்கிறாரா என்று உங்கள் கணவரோடு கலந்து யோசியுங்கள்.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் உங்கள் காசோலைப் புத்தகத்தை எடுத்து அடிக்கட்டைகளைப் பாருங்கள். எந்த இலக்கக் காசோலை யார் கையில், எதற்காக, எந்தத் தொகைக்கு என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறதா? வங்கிக் கூற்றில் வராத இலக்கம் ஏதாவது இருந்தால், அது இன்னும் யாரோ ஒருவரின் பெட்டியில் இருக்கிறது. கடன் தீர்ந்திருந்தால் இந்த வாரமே அதைத் திரும்பக் கேளுங்கள். தீரவில்லையென்றால், மிச்சம் இவ்வளவு என்று இருவரும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள்.